ஒன்லைன் வகுப்பை முந்திய நேரத்துக்கு மாற்றும்போது பிள்ளைகளுக்கு அறிவிப்பது எப்படி

வகுப்பு பிந்திப் போனால், தகவல் கிடைக்காத பிள்ளை கொஞ்ச நேரம் காத்திருந்து பிறகு சேர்ந்துகொள்ளும். வகுப்பு முந்திப் போனால் அந்தப் பிள்ளை வந்து சேரும்போது பாடமே முடிந்திருக்கும். கூடவே லிங்க்கும் மாறி, வரவுக்குப் புது விதியும் வந்தால், ஒரே ஒரு தகவலைத் தவறவிட்டதற்காக வகுப்பு, வரவு இரண்டையும் பிள்ளை இழக்கிறது. அதனால் அறிவித்தலைப் பார்க்காத பிள்ளையை மனதில் வைத்தே இந்த வேலை முழுவதையும் திட்டமிட வேண்டும். பார்த்த பிள்ளை எப்படியும் வந்துவிடும்.

கொழும்பில் ரியூசன் வகுப்பை முதன்முறையாக ஒன்லைனில் நடத்தும் ஆசிரியர்களுக்கும், வட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்களுக்கும் இது. விளக்கத்துக்கு ஒரே வகுப்பைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். உயர்தரக் கணக்கீடு, 85 பிள்ளைகள், சனிக்கிழமை பி.ப. 6.30 முதல் 8.30 வரை, சூமில். மார்ச் 14 சனிக்கிழமையிலிருந்து அது பி.ப. 4.00 முதல் 6.00 வரை நடக்கப் போகிறது. பழைய நேரத்தில் கடைசி வகுப்பு மார்ச் 7.

## 1. லிங்க் உண்மையில் மாற வேண்டுமா?

நேரம் மட்டும் மாறுகிறது என்றால் புது லிங்க் தேவையில்லை. சூமில் ஏற்கெனவே பதிந்து வைத்த கூட்டத்தைத் திறந்து `Edit` கொடுத்து நேரத்தை மாற்றிச் சேமித்தால், கூட்ட இலக்கமும் லிங்க்கும் அப்படியே இருக்கும். கூகுள் கலண்டரில் போட்ட மீட் வகுப்பும் அப்படித்தான். பலர் பழைய கூட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுகிறார்கள். லிங்க் மாறுவது அதனால்தான். தேவையில்லாமல் ஒரு மாற்றத்தை இரண்டாக்காதீர்கள்.

லிங்க் மாறியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. பழைய லிங்க் வெளியாட்களிடம் போய்விட்டது, வகுப்பு வேறு கணக்குக்கு மாறுகிறது, அல்லது செயலியே மாறுகிறது. நம் உதாரணத்தில் காரணம் இரண்டாவது. இதுவரை ஆசிரியரின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் துண்டிக்கப்பட்டு மீண்டும் தொடங்கியது. இப்போது கட்டணக் கணக்கு எடுத்தாயிற்று. வரவு அறிக்கையும் அந்தக் கணக்கில்தான் கிடைக்கும். புது வரவு விதி இப்போது வருவதற்குக் காரணமும் அதுவே.

கணக்கு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். `Pro` கணக்கிலும் ஒரு கூட்டத்தில் சேரக்கூடியவர்கள் 100 பேர்தான். ஒரு பிள்ளை ஃபோனிலும் லப்டொப்பிலும் ஒரே நேரத்தில் வந்தால் அது இரண்டு இடம். 85 பேருக்கு இது போதும், ஆனால் தாராளமாக இல்லை. ‘ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி’ என்பதை விதியிலேயே சேர்க்க வேண்டும்.

## 2. நேரம் யாருக்கு இடிக்கும் என்று முதலில் கேளுங்கள்

முடிவை அறிவிப்பதற்கு முன், பெப்ரவரி கடைசி வாரத்திலேயே வட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாக்கெடுப்பு போடுங்கள். மூன்று தெரிவு போதும்: ‘4.00 மணிக்கு வரலாம்’, ‘பிந்தித்தான் வரலாம்’, ‘வர முடியாது’. வட்ஸ்அப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்று தெரியும். வாக்களிக்காதவர்களின் பெயரையும் பிள்ளைகளின் பட்டியலோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். அறிவித்தல் போய்ச்சேராத ஆபத்து அவர்களுக்கே அதிகம்.

‘பிந்தித்தான் வரலாம்’ என்பவர்களிடம் காரணத்தைக் கேளுங்கள். சனிக்கிழமை பின்னேரத்தில் பொதுவாக மூன்று காரணங்கள் வரும். வெள்ளவத்தையில் நேரடி வகுப்பு 3.30க்கு முடிந்து, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கோ மட்டக்குளிக்கோ போகிற பிள்ளை 4.00 மணிக்கு வீட்டில் இருக்காது. இன்னொரு ஆசிரியரின் வகுப்பு அதே நேரத்தில் இருக்கலாம். மூன்றாவது, பெரும்பாலும் யாரும் யோசிக்காதது: பிள்ளை வகுப்புக்குப் பாவிப்பது அப்பாவின் ஃபோன். அப்பா புறக்கோட்டையில் கடையில் நிற்கிறார். 6.30க்கு வீட்டுக்கு வந்த ஃபோன் 4.00 மணிக்கு வராது. இந்தப் பிள்ளைகளிடம் எத்தனை தடவை அறிவித்தாலும் பயனில்லை. பதிவுசெய்த காணொளியைப் பார்த்து வரவு பெற அவர்களுக்கு ஒரு வழி வைக்க வேண்டும். அந்த வழியையும் விதியிலேயே எழுதிவிடுங்கள்.

முடிவு நேரத்தையும் பாருங்கள். மார்ச்சில் கொழும்பில் சூரியன் மறைவது 6.20 அளவில். 6.00க்குச் சரியாக முடித்தால் முஸ்லிம் பிள்ளைகளுக்கு மஃரிப் தொழுகை தடைப்படாது. 20 நிமிடம் இழுத்தால் தடைப்படும்.

## 3. புதுக் கூட்டத்தைப் போட்டு, வேறொரு ஃபோனில் சோதியுங்கள்

அறிவித்தல் எழுதுவதற்கு முன்பே கூட்டம் தயாராக இருக்க வேண்டும். வாரா வாரம் திரும்பி வரும் கூட்டமாகப் போடுங்கள். அப்போது எல்லாச் சனிக்கிழமைக்கும் ஒரே லிங்க். நேர வலயம் GMT+5:30 என்று இருக்கிறதா பாருங்கள். புதுக் கணக்கில் அது வேறு நாட்டு நேரத்தில் இருந்தால், நீங்கள் 4.00 என்று போட்டாலும் அழைப்பில் வேறு நேரம் காட்டும். `Waiting Room` போட்டுவையுங்கள். ஆசிரியர் வருமுன் உள்ளே போகும் வசதியை நிறுத்துங்கள்.

லிங்க்கைப் பிரதி எடுக்கும்போதுதான் அதிகம் பிழைக்கிறது. சூம் லிங்க்கின் கடைசியில் `?pwd=` என்று தொடங்கும் பகுதியில் கடவுச்சொல் மறைந்திருக்கும். கையால் தெரிவுசெய்து பிரதி எடுத்தால் அந்த வால் விடுபடும். லிங்க் திறக்கும், ஆனால் கடவுச்சொல் கேட்கும். வகுப்பு தொடங்கிய பிறகு முப்பது பேர் ‘பாஸ்வேர்ட் என்ன சேர்?’ என்று கேட்பது இதனால்தான். `Copy Invitation` பொத்தானை அழுத்தியே பிரதி எடுங்கள். பிறகு அந்த லிங்க்கை வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, உங்கள் கணக்கு இல்லாத வேறொரு ஃபோனில் திறந்து பாருங்கள். கணக்கு திறந்திருக்கும் கணினியில் எதைத் திறந்தாலும் வேலை செய்யும், அதனால் அந்தச் சோதனை செல்லாது. லிங்க் கிடைத்த பிறகு கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம். மாற்றினால் லிங்க்கும் மாறிவிடும்.

## 4. வரவு விதியை அளக்கக்கூடியதாக எழுதுங்கள்

‘நேரத்துக்கு வரவேண்டும், முழுமையாக இருக்கவேண்டும்’ என்று எழுதினால் ஒவ்வொரு கிழமையும் வாக்குவாதம் வரும். அறிக்கையில் உள்ள எண்ணைப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய விதியே விதி. நம் வகுப்புக்கு இப்படி வைக்கலாம்:

- 4.15க்கு முன் சேர்ந்திருக்க வேண்டும்.
- 120 நிமிடத்தில் மொத்தமாக 90 நிமிடம் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்து திரும்பி வந்தால் நிமிடங்கள் கூட்டப்படும்.
- சேரும் முன்பே பெயர் ‘வகுப்பு இலக்கம், பெயர்’ என்று இருக்க வேண்டும். உதாரணம்: 023 கவிதா.
- ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி.
- வர முடியாதவர்களும் அந்த நேரத்தில் ஃபோன் இல்லாதவர்களும் சனி பி.ப. 3.00க்கு முன் அறிவிக்க வேண்டும். அவர்கள் திங்கள் இரவு 9.00க்குள் காணொளியைப் பார்த்து, அன்றைய பயிற்சிக் கணக்கைச் செய்து படமெடுத்து அனுப்பினால் வரவு உண்டு.

90 நிமிடம் என்பது மின்வெட்டுக்கும் டேட்டா முடிவதற்கும் இடம் விட்டு வைத்த அளவு. 110 என்று வைத்தால் ஒரே ஒருமுறை வயிஃபை போன பிள்ளையும் வரவை இழக்கும். வரவுக்காகக் கமெராவைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லாதீர்கள். மொபைல் டேட்டாவில் வரும் பிள்ளைக்கு அது வீண் செலவு. சிறிய வீட்டில் பலரோடு இருக்கும் பிள்ளைக்குச் சங்கடமும் கூட.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். நேரம் மாறும் முதல் நாளிலேயே இந்த விதியைக் கண்டிப்பாக்காதீர்கள். 14ஆம் திகதி வரவைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து யாரையும் ‘வரவில்லை’ என்று கணக்கிட வேண்டாம். 21ஆம் திகதியிலிருந்து விதி நடைமுறைக்கு வரட்டும். தகவல் கிடைக்காத பிள்ளையையும் வகுப்பைத் தட்டிக்கழித்த பிள்ளையையும் முதல் நாளில் பிரித்தறிய முடியாது.

## 5. அறிவித்தல்: என்ன எழுதுவது, எப்போது அனுப்புவது

அனுப்பச் சிறந்த நேரம் பழைய நேரத்தின் கடைசி வகுப்பு முடிந்த கையோடு. மார்ச் 7 இரவு 8.15க்கு வகுப்பிலேயே வாயால் சொல்லுங்கள். 8.45க்குக் குரூப்பில் போடுங்கள். அதற்கு முன்னால், மார்ச் 3 அல்லது 4இல் போட்டால் சில பிள்ளைகள் 7ஆம் திகதி வகுப்புக்கே புது லிங்க்கில் வந்து நிற்பார்கள்.

அறிவித்தலின் உடல் இப்படி இருக்கலாம்:

> உயர்தரக் கணக்கீடு, சனி வகுப்பு: நேரமும் லிங்க்கும் மாறுகின்றன
>
> மார்ச் 14 சனிக்கிழமை முதல், இனி எல்லாச் சனிக்கிழமையும்:
> புதிய நேரம்: பி.ப. 4.00 – 6.00 (இலங்கை நேரம்)
> பழைய நேரம் பி.ப. 6.30 இனி இல்லை.
>
> புதிய லிங்க்: (இங்கே முழு லிங்க்)
> கூட்ட இலக்கம்: … கடவுச்சொல்: …
> பழைய லிங்க்கை அழித்துவிடுங்கள்.
>
> வரவு (மார்ச் 21 முதல்): 4.15க்கு முன் சேர்ந்து, மொத்தம் 90 நிமிடம் இருக்க வேண்டும். பெயர்: வகுப்பு இலக்கம், பெயர். முழு விதி அடுத்த தகவலில்.
>
> புதன்கிழமை ரிவிஷன் வகுப்பில் மாற்றமில்லை. அதே நேரம், அதே லிங்க்.
>
> வாசித்தவர்கள் கீழே உள்ள வாக்கெடுப்பில் ‘பார்த்தேன்’ என்பதை அழுத்துங்கள்.

இதில் சில வரிகள் சும்மா இல்லை. ‘இரண்டரை மணித்தியாலம் முந்தி’ என்று வித்தியாசத்தை எழுதாமல் நேரத்தையே எழுதியிருக்கிறது. கழித்துப் பார்க்கும் வேலையை யாருக்கும் கொடுக்கக்கூடாது. ‘இனி எல்லாச் சனிக்கிழமையும்’ என்று இல்லாவிட்டால் பாதிப்பேர் அது ஒரு நாளைக்கு மட்டும் என்று நினைத்து 21ஆம் திகதி 6.30க்கு வருவார்கள். மாறாததையும் எழுத வேண்டும், புதன் வகுப்பு வரி அதற்குத்தான். ‘நாளை’, ‘வரும் சனி’ போன்ற சொற்கள் வேண்டாம். தகவல் இரண்டு நாள் கழித்து இன்னொரு குரூப்புக்குப் போகும்போது அவை பொய்யாகிவிடும்.

வர்ணப் படமாகச் செய்து அனுப்ப விரும்பினால் செய்யலாம், ஆனால் படத்தில் உள்ள லிங்க்கை அழுத்த முடியாது. பிள்ளைகள் படத்தை மட்டுமே நண்பர்களுக்கு அனுப்புவார்கள். ஆகவே படத்தில் கூட்ட இலக்கமும் கடவுச்சொல்லும் எண்ணாகவே தெரிய வேண்டும்.

குரூப்பில் போட்டதும் அந்தத் தகவலைக் குரூப்பின் உச்சியில் 30 நாளுக்குப் பின் செய்யுங்கள். முன்பு பின் செய்த பழைய லிங்க்கை எடுத்துவிடுங்கள். குரூப் விபரத்தில் பழைய லிங்க் எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள், அது அடிக்கடி மறந்துபோகும் இடம். அட்மின் மட்டும் எழுதக்கூடியதாக ஒரு நாளைக்குப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ‘ஓகே சேர்’ எண்பதுக்குள் அறிவித்தல் புதைந்துவிடும்.

பிழையாக அனுப்பிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பிறகு, ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு முழு அறிவித்தலையும் மீண்டும் போட்டு, பழையதை அழியுங்கள். ‘மேலே உள்ளதில் 4.30 அல்ல 4.00’ என்று ஒரு வரி மட்டும் போடாதீர்கள். மேலே உள்ளது ஏற்கெனவே பல ஃபோன்களுக்குப் போயிருக்கும்.

வட்ஸ்அப் பார்க்காத வீடுகளுக்கு எஸ்எம்எஸ். தமிழில் ஒரு எஸ்எம்எஸ் 70 குறியீடுதான், ஆங்கிலத்தில் 160. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும், ‘வகுப்பு’ என்ற சொல்லே 7. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. கீழே உள்ளது இடைவெளியோடு 68:

> கணக்கீடு: மார்ச் 14 சனி முதல் பி.ப. 4 மணி. புதிய லிங்க் வட்ஸ்அப்பில்

லிங்க்கை எஸ்எம்எஸ்ஸில் திணிக்க வேண்டாம். இந்தத் தகவலைப் பெற்றோரின் இலக்கத்துக்கே அனுப்புங்கள். அப்பாவின் ஃபோனில் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு, சனிக்கிழமை ஃபோன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அப்பாவுக்குத்தான் தெரிய வேண்டும்.

மார்ச் 11 புதன் இரவு, ‘பார்த்தேன்’ அழுத்தாதவர்களின் பட்டியலை எடுங்கள். நீங்கள் அனுப்பிய தகவலை அழுத்திப் பிடித்து, அதன் விபரத்தைத் திறந்தால் யார் வாசித்தார்கள், யாருக்குப் போய் மட்டும் சேர்ந்தது என்று தெரியும். நீல அடையாளத்தை நிறுத்தி வைத்தவர்களும் குரூப்பில் வாசித்தால் இங்கே தெரிவார்கள். இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்களின் ஃபோனில் டேட்டா இல்லை, அல்லது இலக்கம் மாறிவிட்டது. அவர்களுக்குத் தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்டு அழைப்பெடுங்கள். 85 பேரில் இது பெரும்பாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

பிறகு இரண்டு நினைவூட்டல் போதும்: 13 வெள்ளி இரவு 8.00, 14 சனி பி.ப. 3.00. இரண்டிலும் முழு லிங்க்கையும் மீண்டும் போடுங்கள். ‘மேலே பார்க்கவும்’ என்று எழுதினால் பிள்ளை மேலே போய்ப் பழையதைத்தான் எடுக்கும்.

## 6. பழைய லிங்க்கை உடனே அழிக்காதீர்கள்

அழித்தால் பிள்ளைக்குத் தெரிவது ‘கூட்ட இலக்கம் பிழை’ என்ற செய்தி மட்டுமே. ஏன் என்றும் தெரியாது, எங்கே போவது என்றும் தெரியாது. பழைய கூட்டத்தின் தலைப்பை மாற்றி வையுங்கள்: ‘இது பழைய லிங்க். வகுப்பு பி.ப. 4.00, புதிய லிங்க் வட்ஸ்அப்பில்’. காத்திருக்கும் திரையில் கூட்டத்தின் தலைப்பு தெரியும்.

நம் உதாரணத்தில் பழையது வேறு கணக்கில் இருப்பதால் இன்னும் நல்ல வழி உண்டு. உதவியாளர் ஒருவர் 14ஆம் திகதி 3.55க்குப் பழைய கூட்டத்தைத் திறந்து, வருபவர்களுக்குப் புது லிங்க்கைக் கூட்டத்தின் சட் பகுதியில் கொடுக்கட்டும். இலவசக் கணக்கின் 40 நிமிடம் இதற்குத் தாராளம். மாலை 6.25க்கு மறுபடியும் திறக்க வேண்டும். நேரமாற்றமே தெரியாத பிள்ளை அப்போதுதான் வரும். வருபவரின் பெயரை எழுதி, பதிவுசெய்த காணொளி எப்போது கிடைக்கும் என்று சொல்லி, அடுத்த கிழமை நேரத்தை வாயால் சொல்லி அனுப்புங்கள். காணொளி சூம் மேகச் சேமிப்பில் தயாராகப் பொதுவாக வகுப்பின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், சிலவேளை அதற்கும் கூட. ‘இன்றிரவே’ என்று வாக்குக் கொடுக்காமல் ‘நாளை மதியம்’ என்று சொல்லுங்கள்.

இரண்டு கூட்டமும் ஒரே கணக்கில் இருந்தால் இதைச் செய்ய முடியாது. `Pro` கணக்கில் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் நடத்தலாம். 4.00 மணிக்குப் பழைய லிங்க்கை அழுத்தும் பிள்ளைக்கு, நடத்துநர் வேறு கூட்டத்தில் இருப்பதாக ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷொட்டை முன்கூட்டியே குரூப்பில் போட்டு, ‘இது தெரிந்தால் நீங்கள் பழைய லிங்க்கில் இருக்கிறீர்கள்’ என்று எழுதி வையுங்கள்.

## 7. வரவு அறிக்கையை வாசிப்பது

வகுப்பு முடிந்து அரை மணித்தியாலம் கழித்து, சூம் இணையத்தளத்தில் `Reports`, `Usage Reports` வழியாகப் போய் அன்றைய கூட்டத்தின் பங்குபற்றியோர் எண்ணிக்கையை அழுத்துங்கள். பெயர், சேர்ந்த நேரம், விலகிய நேரம், நிமிடம் எல்லாம் வரிவரியாக வரும். கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர்பு அறுந்து திரும்பிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு தனி வரி. 023 கவிதா 4.02–4.43, 4.47–5.15, 5.21–5.58 என்று மூன்று வரியில் இருந்தால் 41, 28, 37 நிமிடம், மொத்தம் 106. வரவு உண்டு. முதல் வரியை மட்டும் பார்த்தால் 41 என்று தெரிந்து, ‘பாதியில் போய்விட்டார்’ என்று அநியாயமாக முடிவாகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 051 இலக்கம் ஃபோனில் 4.05–5.00, லப்டொப்பில் 4.20–5.00 என்றிருந்தால் கூட்டுத்தொகை 95. ஆனால் நேரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, உண்மையில் இருந்தது 55 நிமிடம். கூட்டுமுன் நேரங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பாருங்கள். அதேபோல் `In Waiting Room` என்ற நிரலில் `Yes` என்றுள்ள வரிகளை நீக்கிவிட்டுக் கூட்டுங்கள், அது வெளியே காத்திருந்த நேரம்.

`Galaxy A12`, `Amma` என்ற பெயர்களில் சிலர் இருப்பார்கள். 14ஆம் திகதி இவற்றைக் கண்டுபிடித்து, உரியவருக்குத் தனியாக எழுதி, பெயரை எங்கே மாற்றுவது என்று காட்டிவிடுங்கள். ஒத்திகையாக விட்ட அந்த முதல் நாளின் மிகப் பெரிய பயன் இதுதான். அண்ணனும் தங்கையும் ஒரே ஃபோனில் வந்தால் இரு இலக்கத்தையும் ஒரே பெயரில் எழுதச் சொல்லுங்கள்: ‘023+031’.

கட்டணக் கணக்கு இல்லாதவர்களுக்கு இந்த அறிக்கை கிடைக்காது. அவர்கள் கூகுள் படிவம் ஒன்றைப் போட்டு, வகுப்பு தொடங்கி 15 நிமிடத்திலும் முடிய 10 நிமிடத்துக்கு முன்னும் ஆசிரியர் வாயால் ஒரு சொல்லைச் சொல்லி, அதை எழுதச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடத்தில் படிவத்தை மூடுங்கள். திறந்தே கிடந்தால் அந்தச் சொல் வட்ஸ்அப்பில் ஓடிவிடும். அப்போது விதியையும் ‘90 நிமிடம்’ என்று எழுதாமல் ‘இரண்டு சொல்லும் வேண்டும்’ என்று எழுத வேண்டும், ஏனெனில் உங்களால் நிமிடத்தை அளக்க முடியாது.

மார்ச் 15 ஞாயிறு மாலைக்குள் 14ஆம் திகதி வரவை வகுப்பு இலக்கத்தை மட்டும் வைத்துக் குரூப்பில் போடுங்கள், பெயர் வேண்டாம். பிழை இருந்தால் செவ்வாய் இரவுக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். 14ஆம் திகதி 6.30க்குப் பழைய லிங்க்கில் வந்தவர்களின் பட்டியலை எடுத்து, 20 வெள்ளி மாலை அவர்களுக்கு மட்டும் தனித்தனியே நேரத்தையும் லிங்க்கையும் அனுப்புங்கள். 21ஆம் திகதியும் 6.25க்குப் பழைய கூட்டத்தைத் திறந்து பாருங்கள். யாரும் வராவிட்டால் அதை அழித்துவிடலாம்.